பொதுத்துறையா, தனியாரா? குமரி மாவட்டத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கேட் தேர்வு முடிவு வந்ததும், அதற்குக் கொஞ்சம் முன்போ பின்போ கல்லூரி வளாகத் தேர்வு முடிந்ததும், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் கிளம்பும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். பொறியியல் படித்து அதிகாரி நிலையில் சேருகிறவரை மனதில் வைத்தே பெரும்பாலான பதில்கள் உள்ளன. டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்களுக்குக் கணக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

பொதுத்துறைன்னா கவர்மெண்ட் சோலிதானே? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இல்லை. பொதுத்துறை நிறுவனம் ஒரு கம்பெனி. அதன் பங்குகளில் பாதிக்கு மேல் அரசிடம் இருக்கும், அவ்வளவுதான். அங்கே வேலை பார்ப்பவர் அரசு ஊழியர் இல்லை, கம்பெனி ஊழியர். மத்திய அரசு ஊழியருக்கான சம்பளக் கமிஷன் அவருக்குப் பொருந்தாது. அரசு ஊழியரைப் பாதுகாக்கும் அரசியல் சட்டப் பிரிவு 311-ம் பொருந்தாது. மகேந்திரகிரி இஸ்ரோ மையம் அரசுத் துறை. கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்தும் என்.பி.சி.ஐ.எல். பொதுத்துறை. ஊரில் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள், ஆனால் சம்பளச் சீட்டு இரண்டிலும் வேறு.

மாநிலப் பொதுத்துறை தனி உலகம். நம் மாவட்டத்து அரசு ரப்பர் கழகம், அரசுப் போக்குவரத்துக் கழகம் போன்றவற்றின் சம்பளத்தை மாநில அரசின் ஆணைகளும் தொழிற்சங்க ஒப்பந்தங்களுமே முடிவு செய்கின்றன. கீழே சொல்லப்போவது மத்தியப் பொதுத்துறைக் கணக்கு. மணவாளக்குறிச்சி மணல் ஆலையை நடத்தும் ஐ.ஆர்.இ.எல்., என்.பி.சி.ஐ.எல்., என்.எல்.சி., பெல், பவர் கிரிட் போன்றவை அந்த வகை.

எனக்க மவனுக்கு ரெண்டு லெட்டரும் வந்திருக்கு. தனியார்ல வருஷம் பன்னெண்டு லட்சம்ங்கான். பொதுத்துறைல பேசிக் அம்பதாயிரம்தான் போட்டிருக்கு. பாதிதானே?

பன்னிரண்டு லட்சம் என்பது கம்பெனி மொத்தமாகச் செலவழிக்கும் தொகை, அதாவது சிடிசி. ஐம்பதாயிரம் என்பது அடிப்படைச் சம்பளம் மட்டும். இரண்டையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. கைக்கு வரும் பணத்தை வைத்துப் பாருங்கள்.

முதலில் பொதுத்துறை. 50,000 ரூபாயில் தொடங்குவது இ-2 என்ற அதிகாரி நிலை, 2017-ம் ஆண்டு ஊதியத் திருத்தத்தின்படி அதன் வரம்பு 50,000 முதல் 1,60,000 வரை. இதன் மேல் பஞ்சப்படி வரும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து அது மாறும். கணக்குக்கு எளிதாக 50 சதவீதம் என்று வைப்போம்: 25,000. வீட்டு வாடகைப் படி ஊரைப் பொறுத்தது. பஞ்சப்படி 50 சதவீதத்தைக் கடந்துவிட்டால் சென்னை வகை நகரத்தில் 30, மதுரை, திருவனந்தபுரம் வகையில் 20, நாகர்கோவில், மணவாளக்குறிச்சி மாதிரி இடங்களில் 10 சதவீதம். நம் ஊர்ப் பக்கம் என்றால் 5,000. அடுத்தது பெர்க்ஸ் என்ற சலுகைப் படி, அடிப்படைச் சம்பளத்தில் அதிகபட்சம் 35 சதவீதம்: 17,500. மொத்தம் மாதம் 97,500. இதில் பி.எஃப். பிடித்தம், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த 75,000-க்கு 12 சதவீதம், 9,000. மீதி 88,500. பென்ஷன் திட்டத்துக்கோ மருத்துவத் திட்டத்துக்கோ ஊழியர் பங்கு இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

இனி தனியார். பன்னிரண்டு லட்சத்தில் பத்து சதவீதம், 1,20,000 ரூபாய், 'வேரியபிள்' என்று எழுதியிருப்பதாக வைப்போம். அது ஆண்டு முடிவில் வந்தால் உண்டு. அடிப்படைச் சம்பளம் பாதி, மாதம் 50,000 என்றால், கம்பெனி கட்டும் பி.எஃப். ஆண்டுக்கு 72,000, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது ஏறக்குறைய 29,000, காப்பீட்டுக்கு ஒரு 12,000. இவையெல்லாம் அந்தப் பன்னிரண்டுக்குள்ளேயே அடக்கம். கழித்தால் மாதம் சுமார் 80,600. அதில் மகனின் பி.எஃப். பங்கு 6,000 போக 74,600 கைக்கு வரும். பாதி என்று நினைத்த பொதுத்துறை, சொந்த ஊர்ப் பக்கம் போஸ்டிங் ஆனாலும் மாதம் பதினாலாயிரம் அளவுக்கு முன்னால் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. 35 சதவீதம் என்பது உச்சவரம்பு. எல்லாக் கம்பெனியும் அதை முழுதாகத் தராது. முதல் ஆண்டு பயிற்சிக் காலத்தில் சில இடங்களில் உதவித்தொகையோ, ஒரு படி கீழான சம்பளமோதான் கிடைக்கும். லெட்டரில் எண் போடாமல் 'விதிகளின்படி' என்று மட்டும் எழுதியிருந்தால், அங்கே ஏற்கனவே வேலை பார்ப்பவரின் சம்பளச் சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேறு எதை நம்பியும் கணக்குப் போடாதீர்கள்.

அது ஆரம்பத்துல சரி. அஞ்சு வருஷம் கழிச்சு தனியார்க்காரன் எங்கயோ போயிருவான்லா?

கம்பெனி மாறினால் போவான். மாறாவிட்டால் பெரும்பாலும் போக மாட்டான். மேலே உள்ள இரண்டு பேரையும் நாலு ஆண்டு முன்னே தள்ளிப் பார்ப்போம்.

பொதுத்துறையில் ஆண்டு உயர்வு 3 சதவீதம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நாலு உயர்வில் 50,000 என்பது 56,275 ஆகும். நாலாம் ஆண்டில் இ-3 பதவி உயர்வு வந்தால், அதன் தொடக்கமே 60,000 என்பதால், அடிப்படை நேராக 60,000-க்கு ஏறும். இதற்கிடையே பஞ்சப்படியும் நகரும். 2017 ஜனவரியில் பூஜ்யத்தில் தொடங்கியது ஒன்பது ஆண்டுக்குள் ஐம்பதைத் தொட்டது, ஆண்டுக்கு ஐந்தாறு புள்ளி. நாலு ஆண்டில் 70 ஆகிறது என்று வைத்தால், அடிப்படை, பஞ்சப்படி, பத்து சதவீத வாடகைப் படி, பெர்க்ஸ் சேர்த்து 1,29,000. தனியாரில் ஆண்டுக்கு 9 சதவீதம் தவறாமல் கிடைத்தால் 80,600 என்பது நாலு ஆண்டில் 1,13,800 ஆகும். மூன்று ஆண்டு இருந்துவிட்டு நாலாம் ஆண்டில் 30 சதவீதம் கூட வாங்கிக் கம்பெனி மாறினால் ஏறக்குறைய 1,35,700. ஆக, ஒரே ஒரு தாவலில் தனியார்க்காரர் முந்துகிறார், இரண்டு தாவினால் எட்டிப் பிடிக்க முடியாத தூரம் போகிறார். தாவத் தயங்குகிற சுபாவம் என்றால் தனியாரின் சம்பளச் சாதகம் பாதி போய்விடும்.

இன்னொன்று, பொதுத்துறை ஊதியத் திருத்தம் பத்தாண்டுக்கு ஒருமுறை. கடைசியாக 2017 ஜனவரி 1 முதல் நடந்தது, அந்தக் கணக்குப்படி அடுத்தது 2027 ஜனவரி 1 முதல். ஆனால் அது எல்லாக் கம்பெனிக்கும் தானாக வந்துவிடாது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

எல்லாப் பொதுத்துறைலயும் ஒரே ஸ்கேல்தானே? அப்ப எதுல சேர்ந்தா என்ன?

ஸ்கேலின் பெயர் ஒன்று, கிடைப்பது ஒன்றல்ல. 2017 திருத்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. புதிய சம்பளத்தால் கூடும் செலவு, கம்பெனியின் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 20 சதவீதத்துக்குள் இருந்தால்தான் முழு 15 சதவீத உயர்வு. 20-க்கும் 30-க்கும் இடையில் என்றால் 10 சதவீதம், 30-க்கும் 40-க்கும் இடையில் 5 சதவீதம், 40-ஐத் தாண்டினால் உயர்வே கிடையாது. நட்டத்தில் இருந்த பி.எஸ்.என்.எல். இந்தத் திருத்தத்துக்கு வெளியே நின்றது இப்படித்தான். ஒரே ஆண்டில், ஒரே படிப்போடு, ஒரே நிலையில் சேர்ந்த இரண்டு பேரின் சம்பளம் ஒரு காகிதத்தால் பிரிந்துபோகும்.

பி.ஆர்.பி. என்ற ஆண்டுச் செயல்திறன் தொகையும் லாபத்திலிருந்துதான் வருகிறது. வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதத்துக்குள்தான் மொத்தத்தையும் பங்கிட வேண்டும். நல்ல லாபக் கம்பெனியில் அது சில மாதச் சம்பளத்துக்குச் சமம், சுமாரான கம்பெனியில் பேச்சளவில் மட்டும் இருக்கும்.

அதனால் சேருமுன் கம்பெனி இணையதளத்தில் கடைசி ஐந்து ஆண்டறிக்கைகளை இறக்கி, வரிக்கு முந்தைய லாபம், ஊழியர் செலவு என்ற இரண்டு வரிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். லாபம் சரிந்து ஊழியர் செலவு ஏறிக்கொண்டே வந்தால், அடுத்த திருத்தத்தில் அந்தக் கம்பெனி எந்தப் படியில் நிற்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம். அரை மணி நேர வேலை. யாரும் செய்வதில்லை.

பென்ஷன் உண்டுல்லா? அதுக்காகத்தான் அப்பா பொதுத்துறைக்குப் போகச் சொல்லுதாரு.

அப்பா நினைக்கிற பென்ஷன் இல்லை. கடைசிச் சம்பளத்தில் பாதி, அதற்கு மேல் பஞ்சப்படி என்பது பழைய அரசு ஊழியர் பென்ஷன். பொதுத்துறையில் ஓய்வுகாலப் பலன்களுக்கு ஒரு மொத்த வரம்பு இருக்கிறது: அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 30 சதவீதம். பி.எஃப்., கிராஜுவிட்டி, ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவம், பென்ஷன் நான்கும் அதற்குள் அடங்க வேண்டும். பி.எஃப். மட்டுமே 12 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் போக மிச்சம்தான் பென்ஷன் கணக்குக்கு. அது ஒன்பது சதவீதம் என்று வைத்தால், மேலே சொன்ன 75,000-க்கு மாதம் 6,750 ரூபாய் உங்கள் பேரில் சேரும். ஓய்வின்போது அந்தச் சேமிப்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறதோ அதற்கேற்ற மாதத் தொகை வரும். உறுதியான தொகை எதுவும் கிடையாது.

ஈ.பி.எஃப்.-ஓடு வரும் குடும்பப் பென்ஷன் உண்டே என்பார்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாக பி.எஃப்.-இல் சேருகிறவரின் சம்பளம் 15,000-க்கு மேல் என்றால் அந்தத் திட்டத்தில் அவர் சேரவே முடியாது. கம்பெனி பங்கு முழுதும் பி.எஃப்.-க்கே போகும். இது தனியாருக்கும் பொருந்தும்.

அப்படியும் பொதுத்துறைக்கு ஒரு சாதகம் உண்டு, அது பென்ஷனைவிடப் பெரியது: ஓய்வுக்குப் பிறகு கணவன் மனைவி இருவருக்கும் மருத்துவச் செலவு. தனியாரில் வேலை விட்ட நாளிலேயே கம்பெனிக் காப்பீடு முடிந்துவிடும். அறுபது வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கையில், புதிதாகக் காப்பீடு எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பொதுத்துறைல யாரும் தூக்க முடியாதுன்னு சொல்லுதாவளே, உண்மையா?

தூக்கலாம். ஆனால் ஒரு முறையோடுதான் தூக்க முடியும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நடத்தை, ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகள் உண்டு. குற்றச்சாட்டுக் குறிப்பாணை எழுத்தில் வரும், பதில் சொல்ல அவகாசம் தருவார்கள், விசாரணை அதிகாரி அமர்வார், உங்களுக்கு உதவ சக ஊழியர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம், அறிக்கை நகல் கைக்கு வரும், அதற்கும் பதில் எழுதலாம், அதன் பிறகே தண்டனை. தண்டனைக்கு மேல் முறையீடும் உண்டு. இடைநீக்கம் செய்தாலும் பிழைப்பூதியம் வந்துகொண்டிருக்கும். இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிக் குதித்தால், மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் நேரடியாக ரிட் மனு போடலாம். பொதுத்துறை நிறுவனத்தைச் சட்டம் 'அரசு' என்று பார்ப்பதால் வரும் உரிமை இது. 'மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து யாரையும் அனுப்பலாம்' என்று ஒரு மத்தியப் பொதுத்துறை நிறுவனம் வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் 1986-இல் பிரோஜோநாத் கங்குலி வழக்கில் செல்லாது என்றது.

தனியாரில் அதே மூன்று மாத நோட்டீஸ் உங்கள் லெட்டரிலேயே இருக்கும், நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். காரணம் சொல்லாமல் நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கொடுத்து அன்றைக்கே அனுப்பலாம். நடைமுறையில் அதற்கும் முன்பே மனிதவளத் துறை கூப்பிட்டு, 'நீங்களே ராஜினாமா எழுதிவிடுங்கள், அனுபவச் சான்றிதழ் சுத்தமாகத் தருகிறோம்' என்பார்கள். எழுதிவிட்டால் அது பணிநீக்கம் ஆகாது, வழக்கும் நிற்காது. கையெழுத்துப் போடுமுன் ஒரு நாள் அவகாசமாவது கேளுங்கள்.

பொதுத்துறையிலும் பாதுகாப்பு முழுமை அடைவது பயிற்சியும் தகுதிகாண் பருவமும் முடிந்து, எழுத்தில் உறுதி ஆணை வந்த பிறகுதான். அதற்குள் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், காவல்துறைச் சரிபார்ப்பில் பிசகு வந்தால் நீண்ட விசாரணை இல்லாமலே அனுப்பிவிடுவார்கள்.

கம்பெனியையே வித்துப்போட்டா?

அப்போது மேலே சொன்ன பாதுகாப்பு கம்பெனியோடு போய்விடும். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடம் போனபோது, ஓராண்டுக்கு ஆட்குறைப்பு இல்லை, அதற்குப் பிறகு செய்தால் விருப்ப ஓய்வு வாய்ப்புத் தர வேண்டும் என்று விற்பனை நிபந்தனை இருந்தது. கம்பெனி தனியார் ஆனதும் அது 'அரசு' இல்லை, ரிட் மனு அதன் மேல் நிற்காது என்று அந்த ஊழியர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லிவிட்டது.

விற்காமல் மூடுவதும் உண்டு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்தியப் பொதுத்துறை நிறுவனம் இருந்தது. டிஜிட்டல் கேமரா வந்து ஃபிலிம் சுருளுக்குத் தேவை இல்லாமல் போக, ஊழியர்கள் விருப்ப ஓய்வில் போனார்கள். பி.எஸ்.என்.எல்.-இல் 2019 விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஒரே அடியாக 78,000-க்கு மேற்பட்டோர் வெளியேறினார்கள். யாரையும் 'தூக்கவில்லை'தான். ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவருக்கு அந்தச் சொல் வித்தியாசம் பெரிதாகப் படாது. கம்பெனி விற்கும் பொருளுக்கு இன்னும் முப்பது ஆண்டு தேவை இருக்குமா என்று கேளுங்கள். ஆண்டறிக்கை பார்க்கச் சொன்ன பதிலோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்க பக்கத்துல போஸ்டிங் கிடைக்குமா? வடக்க தூக்கி எறிஞ்சிருவானா?

இதற்கு நிறுவனத்தின் வரைபடம்தான் பதில். பணிநியமன ஆணையில் 'இந்தியாவில் எங்கும்' என்று எல்லாரும் எழுதுவார்கள். உண்மையில் யூனிட் இருக்கும் ஊருக்கு மட்டும்தான் அனுப்ப முடியும். ஐ.ஆர்.இ.எல். என்றால் மணவாளக்குறிச்சி, கொல்லம் பக்கத்துச் சவறா, ஆலுவா, ஒடிசாவின் சத்ரபூர், மும்பைத் தலைமையகம் என்று சுற்று சிறியது. என்.எல்.சி.-யில் பெரும்பகுதி நெய்வேலியில், ஆனால் ராஜஸ்தானிலும் ஒடிசாவிலும் இடங்கள் உண்டு. என்.பி.சி.ஐ.எல்.-இல் கூடங்குளமும் கல்பாக்கமும் நமக்குப் பக்கம். தாராப்பூர், கக்ரபார், ராவத்பாட்டா, நரோரா, கைகா எல்லாம் மற்றப் பக்கம். மின்கடத்தல், எண்ணெய்க் குழாய் நிறுவனங்கள் நாடு முழுதும் பரந்தவை, அங்கே அசாமும் வரலாம்.

அதிகாரிகளுக்கு மாற்றல் பெரும்பாலும் பதவி உயர்வோடு சேர்ந்து வரும். 'ஊரிலேயே இருக்கிறேன்' என்று பதவி உயர்வை மறுப்பவர்கள் உண்டு. மறுத்தால் குறிப்பிட்ட காலத்துக்கு மறுபடி பரிசீலிக்க மாட்டார்கள், பின்னால் சேர்ந்தவர் மேலே போய்விடுவார். கணவன் மனைவி இருவரும் அரசு அல்லது பொதுத்துறையில் இருந்தால் ஒரே ஊரில் வைக்க முயல வேண்டும் என்ற வழிகாட்டுதல் இருக்கிறது. அது உரிமை இல்லை, மனுவில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு காரணம்.

தொழிலாளர் நிலை இதற்கு நேர்மாறு. ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களை அந்தந்த யூனிட் தனக்கென்று எடுப்பதால், சேர்ந்த இடத்திலேயே ஓய்வு பெறுவது சாதாரணம். ஊரை விட்டுப் போக முடியாத சூழல் உள்ள வீட்டுக்கு இ-2 ஆணையைவிட இதுவே நல்லது என்று நாங்கள் தயங்காமல் சொல்வோம். ஆனால் சொந்த ஊர் யூனிட்டும் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். மணல் ஆலைக்கு மணல் வேண்டும். கிள்ளியூர் வட்டத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்துக்குக் கடலோர ஊர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கும் நிலையில், யூனிட்டின் நாளைய தேவையும் அதைச் சார்ந்தே நிற்கிறது.

தனியாரில் மாற்றல் ஆணை குறைவு. ஆனால் வேலை எந்த ஊரிலோ அந்த ஊர்தான். நம் பிள்ளைகளுக்கு அது சென்னை, பெங்களூரு, கோவை. களியக்காவிளை தாண்டிக் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் கிடைத்தால் வாரா வாரம் வீட்டுக்கு வரலாம். பிராஜெக்ட் மாறினால் ஊர் மாறும். மாற மறுத்தால் பிராஜெக்ட் இல்லாமல் உட்காரவைக்கும் 'பெஞ்ச்', பிறகு மேலே சொன்ன அந்த மனிதவளத் துறை அறை.

பிளாண்டுக்கு உள்ளதான் வேலை, கேட் பாஸ் உண்டு, ஆனா கான்ட்ராக்ட். இருந்தா பெர்மனெண்ட் ஆயிரும்னு சொல்லுதாங்க. நம்பலாமா?

நம்ப வேண்டாம். முறையான தேர்வு இல்லாமல் எடுக்கப்பட்டவருக்கு, எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும், நிரந்தரம் கேட்கும் உரிமை தானாக வராது என்பது 2006 உமாதேவி தீர்ப்பிலிருந்து நிலைத்த நிலை. நிறுவனமே தவணை ஒப்பந்தத்தில் எடுத்தாலும் இதே கதைதான். அப்ரெண்டிஸ் பயிற்சி முடித்தால் தேர்வில் முன்னுரிமையோ கூடுதல் மதிப்பெண்ணோ கிடைக்கலாம், வேலை உறுதி இல்லை.

யாரிடம் வேலை பார்க்கிறோம் என்று தெரியாவிட்டால் ஈ.பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பணம் கட்டும் நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கும். பொதுத்துறையின் பெயர் இல்லாமல் ஏதோ 'என்டர்பிரைசஸ்' என்று இருந்தால், உங்கள் முதலாளி அந்த ஒப்பந்தக்காரர்தான். நிரந்தரம் ஆக்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பவரிடம் இந்தப் பாஸ்புக்கைக் காட்டிப் பேச்சை முடித்துவிடலாம்.

பொதுத்துறைல எது வரைக்கும் மேல போகலாம்? ஒரு இடத்துல நின்னுருமா?

நிற்கும், பெரும்பாலும் இ-6-ஐ ஒட்டி. இ-5 வரை மூன்று நாலு ஆண்டுக்கு ஒருமுறை, ஆண்டு மதிப்பீடு சுமாராக இருந்தாலே ஏறிவிடலாம். அதற்கு மேல் இடம் காலியானால்தான். நாலாண்டுக்கு ஒரு படி என்று வைத்தால், 23 வயதில் இ-2-இல் சேர்ந்தவர் 39-இல் இ-6 ஆவார், எல்லாம் சரியாகப் போனால் 47-இல் இ-8, அதாவது பொது மேலாளர். 29-இல் சேர்ந்தவர் இ-6-க்கு வரும்போதே 45, இ-8-க்கு 53. ஓய்வு 60 என்பதால் இயக்குநர் பதவிக்குத் தேவையான மீதி ஆண்டுகள் அவரிடம் இருக்காது. இயக்குநர்களை வெளியிலிருந்தும் விண்ணப்பிக்க விட்டு, மத்திய அரசின் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. சேரும் வயதுதான் உச்சியை முடிவு செய்கிறது, திறமை இரண்டாவது. கசப்பாக இருந்தாலும் அதுதான் நிலைமை.

இன்னொரு காரணம், நீங்கள் சேர்ந்த ஆண்டின் கூட்டம். ஒரே ஆண்டில் அறுபது பேரை எடுத்துவிட்டு அடுத்த சில ஆண்டு ஆளே எடுக்காத நிறுவனங்கள் உண்டு. அந்த அறுபது பேரும் இ-6 வாசலுக்கு ஒன்றாக வந்து சேர்வார்கள், உள்ளே இடமோ பத்து. சிறிய ஆண்டில் சேர்ந்தவருக்கு அதே படி எளிது. நேர்முகத்தில் 'இந்த ஆண்டு எத்தனை பேர், போன ஆண்டு எத்தனை பேர்' என்று கேட்பது தவறே இல்லை.

தொழிலாளர் நிலையில் சேர்ந்தவர் உள் தேர்வு எழுதி அதிகாரி ஆகலாம். நாற்பதை ஒட்டி அந்தக் கதவு திறந்தால் இரண்டு மூன்று படியோடு ஓய்வு வந்துவிடும். தனியாரில் இந்த ஏணி கிடையாது. முப்பத்தைந்தில் துணைத் தலைவர் ஆனவரும் உண்டு, நாற்பத்தைந்தில் 'சம்பளம் ஜாஸ்தி' என்று வெளியே வந்தவரும் உண்டு. அங்கே உச்சவரம்பு பதவியில் இல்லை, வயதில் இருக்கிறது.

இப்ப எனக்கு 28. தனியார்ல 18 லட்சம். பொதுத்துறைக்கு மாறலாமா?

பணத்துக்காக என்றால் வேண்டாம். 18 லட்சத்தை முன்பு சொன்ன மாதிரிக் கழித்துப் பாருங்கள், கைக்கு வருவது இ-2 தொடக்கத்தைவிடத் தெளிவாக அதிகம் இருக்கும். ஐந்தாறு ஆண்டு அனுபவத்துக்குத் தொடக்க நிலைத் தேர்வில் எந்த மதிப்பும் இல்லை, 22 வயதுக்காரரோடு ஒரே வரிசையில் நிற்பீர்கள். உச்சியில் ஆறு ஆண்டு குறையும் கணக்கு மேலே இருக்கிறது. ஊர்ப் பக்கம் சுற்று சிறிய நிறுவனம், பெற்றோர் மருத்துவம், நாற்பதுக்குப் பிறகு நிம்மதி என்ற காரணங்கள் இருந்தால் மாறலாம். வயது வரம்பு பல அறிவிப்புகளில் 27, 28, சிலவற்றில் 30, இடஒதுக்கீட்டுத் தளர்வு தனி. அனுபவக்காரர்களுக்கு இ-3, இ-4-இல் நேரடி அறிவிப்பும் வரும். உங்களுக்கு ஏற்ற வாசல் அதுதான்.

சேர்ந்துட்டு லீவு போட்டுட்டு கல்ஃப் போயிட்டு வரலாமா? பாண்டு எல்லாம் சும்மாதானே?

இரண்டும் இல்லை. படிப்பு விடுப்பு உண்டு, சம்பளமில்லா விடுப்பும் உண்டு, ஆனால் விடுப்பில் இன்னொரு முதலாளியிடம் வேலை பார்க்க அனுமதி கிடையாது. விடுப்பு முடிந்தும் வராவிட்டால் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஆணைகள் வரும், நீங்கள் துபாயில் இருக்கும்போதே விசாரணை ஒருதலையாக முடியும். தண்டனை 'நீக்கம்' என்றால் வேறு அரசு வேலைக்குப் போகலாம். 'பதவிப் பறிப்பு' என்றால் அதுவும் பெரும்பாலும் அடைபடும்.

பாண்டுப் பணம் செல்லாது என்று ஊரில் சொல்வதும் இனி நிற்காது. மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. விலகுவது என்று முடிவானால் பாண்டுத் தொகையைப் புதுக் கம்பெனியிடம் சேரும் போனஸாகக் கேளுங்கள், பணம் கட்டி ரசீதும் விடுவிப்பு ஆணையும் வாங்கிய பிறகே விமானச் சீட்டுப் போடுங்கள். விடுவிப்பு ஆணை இல்லாமல் போனவர் பிறகு வேறு அரசு, பொதுத்துறை வேலைக்கு விண்ணப்பித்தால் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.